கேரட் கொண்டுவரும் சூடு

"அண்ணா, இருபதுக்குப் பதினாறு ரூமுங்க, பத்தடி உசரம். எத்தனை டன் மிஷின் போடோணும்?"

மேட்டுப்பாளையம் பக்கம் குளிர் அறை கட்ட நினைக்கும் காய்கறி வியாபாரி, ஒப்பந்தக்காரரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான். அளவைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு எண்ணைச் சொல்லிவிடும் ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசிப்பது நல்லது. அறையின் நீள அகல உயரம், உள்ளே சேரும் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கைக்கூடச் சொல்வதில்லை. தினமும் எத்தனை கிலோ சரக்கு வருகிறது, என்ன சூட்டில் வருகிறது, எத்தனை மணி நேரத்தில் குளிர வேண்டும், கதவு எத்தனை முறை திறக்கும் என்பவைதான் மீதியைத் தீர்மானிக்கின்றன.

நீலகிரி கேரட்டையே எடுத்துக்கொள்வோம். மலையில் பிடுங்கி, இயந்திரத்தில் கழுவி, மூட்டையாகக் கட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருகிறது. அங்கே ஒரு வியாபாரி தினமும் மூன்று டன் வாங்கி, நான்கு நாள் வைத்திருந்து விற்கிறார் என்று கொள்வோம். ஆக, அறையில் எப்போதும் 12 டன் இருக்கும். அறை 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். உள்ளே 2 டிகிரி செல்சியஸ் வேண்டும். கேரட்டுக்குப் பூஜ்யமே உகந்தது. ஆனால் மைனஸ் ஒன்றரை டிகிரியை நெருங்கும்போது அது உறைய ஆரம்பித்துவிடும் என்பதால், சிறிய அறைகளில் இந்த இரண்டு டிகிரி இடைவெளி பாதுகாப்பானது.

கணக்கை எளிதாக்க ஒரு வழி உண்டு. வெப்பத்தையும் மின்சாரத்தைப் போல யூனிட்டில், அதாவது கிலோவாட் மணியில், அளக்கலாம். ஒரு நாளில் அறைக்குள் எத்தனை யூனிட் வெப்பம் சேர்கிறதோ, அத்தனையையும் இயந்திரம் வெளியே இறைக்க வேண்டும். இது மின்கட்டண யூனிட் அல்ல. இந்த அளவு குளிரில், வெயில் காலத்தில், ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் ஏறத்தாழ இரண்டரை யூனிட் வெப்பம் வெளியேறும்.

சுவரிலிருந்து தொடங்கலாம், அது சீக்கிரம் முடிந்துவிடும். நூறு மில்லிமீட்டர் பஃப் பேனலில், ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியாக, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் கால் வாட் வெப்பம் நுழையும். வெளியே 38 டிகிரி, உள்ளே 2 டிகிரி என்றால் வித்தியாசம் 36. நான்கு சுவரும் கூரையும் சேர்ந்து 96 சதுர மீட்டர். அதன் வழியே 864 வாட் வருகிறது. தரை 30 சதுர மீட்டர், அடியில் மண் சற்றுக் குளிர்ச்சி என்பதால் அங்கிருந்து 195 வாட். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 25 யூனிட்.

இப்போது கேரட். ஒரு கிலோ கேரட்டை ஒரு டிகிரி குளிர்விக்க 3.92 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். கிட்டத்தட்ட தண்ணீருக்கு வேண்டிய அளவுதான், ஏனென்றால் கேரட்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரே இருக்கிறது. சரக்கு 30 டிகிரியில் வந்தால் இறங்க வேண்டியது 28 டிகிரி. 3000 கிலோவை 3.92-ஆலும் 28-ஆலும் பெருக்கினால் 3,29,280 கிலோஜூல் வரும். யூனிட்டில் சொன்னால் ஏறத்தாழ 92. சுவரும் கூரையும் தரையும் சேர்ந்து விட்ட வெப்பத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல், தினம் வரும் மூன்று டன் கேரட் மட்டுமே கொண்டுவருகிறது. அது வரும் பிளாஸ்டிக் க்ரேட்டுகளும் சூடாகத்தான் வரும். 150 க்ரேட், ஒன்று இரண்டு கிலோ என்றால் இன்னும் ஐந்து யூனிட்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதே கேரட் 30 டிகிரிக்குப் பதிலாக 20 டிகிரியில் வந்தால் என்ன ஆகும்? மலையில் கழுவும் தண்ணீரே குளிர்ந்துதான் இருக்கும். இரவில் ஏற்றி, வெயில் ஏறும் முன் இறக்கி, நேராக அறைக்குள் வைத்தால் 20 டிகிரி என்பது நடக்காத காரியமல்ல. அப்போது 92 யூனிட் 59 ஆகக் குறையும். மிச்சம் 33. சுவர்ப் பேனலை இரு மடங்கு தடிமனாக்கினாலும் மிச்சமாவது 13 யூனிட்தான். லாரி எத்தனை மணிக்கு வருகிறது, மண்டியில் சரக்கு எவ்வளவு நேரம் வெயிலில் கிடக்கிறது என்ற விசாரிப்பு, பேனல் தடிமனைப் பற்றிய பேரத்தைவிட இரண்டரை மடங்கு மதிப்புள்ளது. பல விலைப்புள்ளிகளில் பேனல் தடிமன் தடித்த எழுத்தில் இருக்கும், சரக்கு வரும் சூட்டைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

எத்தனை மணி நேரத்தில் குளிர வேண்டும் என்பதும் இங்கேதான் வருகிறது. மறுநாள் அதே நேரத்துக்குள் குளிர்ந்தால் போதும் என்றால் ஒரு கணக்கு. சாயங்காலம் இறக்கியது விடியற்காலை சென்னைக்குக் குளிர்ந்தே போக வேண்டும் என்றால், பன்னிரண்டு மணி நேரத்தில் அதே 97 யூனிட்டையும் இறைத்தாக வேண்டும். வெப்பத்தின் மொத்த அளவு மாறுவதில்லை, இயந்திரத்தின் அளவு மாறிவிடுகிறது. எவ்வளவு என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

பறித்த பிறகும் கேரட் மூச்சு விடுகிறது, மூச்சு விடுவதால் வெப்பம் வெளிவிடுகிறது. பூஜ்யத்தை ஒட்டி வைத்தால் டன்னுக்கு 45 முதல் 50 வாட். 20 டிகிரியில் அதுவே சுமார் 200 வாட்டைத் தொடும். ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கும் ஒன்பது டன்னுக்கும், குளிர்ந்துகொண்டிருக்கும் மூன்று டன்னுக்கும் தனித்தனியாகப் போட்டால் நாளைக்கு 19 யூனிட் ஆகும். உருளைக்கிழங்கு குறைவாக மூச்சு விடும், பட்டாணியும் காளானும் பல மடங்கு அதிகமாக விடும். ஒரு காய்க்குப் போட்ட கணக்கை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் தவறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதவுக்கு வருவோம். குளிர் அறைக் கதவு திறந்ததும் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காலில் உணரலாம். உள்ளே இருக்கும் கனத்த குளிர்காற்று வாசலின் கீழ்ப்பாதி வழியே வெளியே கொட்டுகிறது. மேல்பாதி வழியே வெளியிலிருந்து சூடான ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. ஒன்றரை மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரமுள்ள கதவு முழுதாகத் திறந்து, வெளியே 35 டிகிரியும் அறுபது சதவீத ஈரப்பதமும் இருந்தால், நொடிக்கு ஒரு கன மீட்டர் காற்று இடம் மாறும். சரக்கு போக அறையில் மிஞ்சும் காற்று 60, 70 கன மீட்டர். அதாவது ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அறைக்காற்று முழுவதும் புதிதாகிவிடும். கதவு அப்படித் திறந்திருக்கும் நேரத்தில் வெப்பம் நுழையும் வேகம் சுமார் 105 கிலோவாட். இந்த அறைக்குப் போடப்போகும் இயந்திரத்தைப்போலப் பத்து மடங்கு!

இந்த வெப்பத்தில் பாதிக்கு மேல் காற்றின் சூட்டில் இல்லை, அதில் கலந்திருக்கும் ஈரத்தில் இருக்கிறது. வெளியே ஒரு கிலோ காற்றில் 21 கிராம் நீராவி இருக்கிறது, உள்ளே நான்கு கிராம்தான். மிச்சம் 17 கிராமும் குளிர்ந்த காயில் மேல் படிந்து உறைகிறது.

ஒரு நாளில் முப்பது முறை, ஒவ்வொரு முறையும் நாற்பது நொடி கதவு திறக்கிறது என்று கொள்வோம். மொத்தம் இருபது நிமிடம். திறந்த உடனே முழு வேகத்தில் காற்று ஓடாது என்பதற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், நாளைக்கு 28 யூனிட் நுழைகிறது. சுவர் வழியே வருவதைவிட அதிகம். கதவில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரை நல்ல நிலையில் இருந்தால் இதில் ஐந்தில் நான்கு பங்கைத் தடுத்துவிடும். ஆனால் சுமை தூக்குகிறவர்களுக்கு அந்தப் பட்டை முகத்தில் அடிப்பது பிடிக்காது. ஒரு பக்கமாகச் சுருட்டிக் கயிற்றால் கட்டிவிடுவார்கள், கிழிந்த பட்டை மாற்றப்படாமல் கிடக்கும். அதனால் திரை பாதிதான் தடுக்கும் என்று வைத்து 14 யூனிட் எழுதுவது நேர்மையான கணக்கு. கதவைத் திறந்துபோட்டுவிட்டு அரை மணி நேரம் லோடு ஏற்றும் இடங்களுக்கு இந்த வழி பொருந்தாது. முதல் இரண்டு நிமிடத்துக்குப் பிறகு அறைக்காற்றே சூடாகிவிடுவதால் காற்றோட்டத்தின் வேகம் குறையும், அதற்குள் சரக்கின் மேல்பரப்பு வியர்க்கத் தொடங்கியிருக்கும்.

அந்த 14 யூனிட்டோடு உள்ளே வரும் தண்ணீர் மட்டும் நாளொன்றுக்குப் பதினோரு லிட்டருக்கு மேல். நீலகிரி கேரட் கழுவி ஈரத்தோடு வருவதால் இன்னும் கொஞ்சம் சேரும். இரண்டு டிகிரி அறையில் காயில் மைனஸ் நான்கில் இருக்கும் என்பதால், அத்தனையும் பனியாகப் படியும். பனி தடித்தால் காற்று போகும் இடைவெளி அடைபடும். காற்று குறைந்தால் காயில் இன்னும் குளிரும், இன்னும் பனி சேரும். அதனால்தான் டிஃப்ராஸ்ட்.

நான்கு, ஐந்து டிகிரிக்கு மேல் உள்ள அறைகளில் கம்ப்ரசரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டால் அறைக்காற்றே பனியைக் கரைத்துவிடும். இரண்டு டிகிரியில் அது மிக மெதுவாக நடக்கும் என்பதால், காயிலுக்குள் மின் ஹீட்டர் வைப்பார்கள். மொத்தம் நான்கு கிலோவாட் ஹீட்டர், இருபது நிமிடம், நாளுக்கு மூன்று முறை என்றால் நான்கு யூனிட் செலவு. பதினோரு கிலோ பனி உருக உண்மையில் தேவை ஒரு யூனிட்தான். மற்ற மூன்றும் உலோகத்தைச் சூடாக்கி, அறைக்குள்ளேயே கசிகின்றன, அதைத் திரும்ப இறைக்க வேண்டியதும் அதே இயந்திரம்தான். கணக்கில் மூன்று யூனிட் எழுதிக்கொள்ளலாம். அது சிறிய எண். பெரிய இழப்பு நேரத்தில் இருக்கிறது. ஹீட்டர் எரியும்போதும், அதன்பின் நீர் வடியக் காத்திருக்கும்போதும் அந்தக் காயில் குளிர்விப்பதில்லை. இதற்காகவும், கோடையின் உச்ச நாளுக்குக் கை இருப்பாகவும், இயந்திரம் நாளுக்கு 18 மணி நேரம்தான் ஓடும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம்.

டிஃப்ராஸ்ட்டை நேரத்தை மட்டும் பார்த்து முடிக்கும் டைமர்கள் ஒரு தொல்லை. பனி பத்து நிமிடத்தில் கரைந்துவிட்டாலும் ஹீட்டர் இருபது நிமிடமும் எரியும். காய்ந்த காயில் சூடாகி, அறைக்குள் ஆவி கிளம்பி, கூரையில் படிந்து, சரக்கின் மேல் சொட்டும். காயிலில் ஒரு உணரி வைத்து, அது பத்து டிகிரி அளவைத் தொட்டதும் ஹீட்டர் அணையும்படி செய்தால் இது நிற்கும். முடிந்ததும் கம்ப்ரசர் முதலில் ஓடி, காயில் குளிர்ந்த பிறகே விசிறி சுழல வேண்டும். இல்லையென்றால் காயிலில் ஒட்டியிருக்கும் நீர்த்துளிகளை விசிறியே க்ரேட்டுகள் மேல் வாரி இறைக்கும்.

மீதி சில்லறை. விளக்கும், உள்ளே வேலை செய்யும் இரண்டு பேரின் உடல் சூடும் சேர்ந்து ஒன்றரை யூனிட். எவாப்பரேட்டர் விசிறிகள் 450 வாட், நாளுக்கு 22 மணி நேரம் ஓடினால் பத்து யூனிட். விசிறி குளிர்ச்சி தருவதாகத் தோன்றினாலும் அது தின்னும் மின்சாரம் முழுவதும் அறைக்குள் வெப்பமாகவே முடிகிறது.

எல்லாவற்றையும் கூட்டினால் நாளைக்குச் சுமார் 170 யூனிட். பத்து சதவீதம் கூடுதலாக வைத்தால் 187. பதினெட்டு மணி நேரத்தால் வகுத்தால் 10.4 கிலோவாட். குளிர்சாதனத் தொழிலில் ஒரு டன் என்பது 3.517 கிலோவாட். 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் வேகம் அது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்து மெரினா கடற்கரையின் ஐஸ் ஹவுஸில் இறங்கிய காலத்தின் மிச்சம் இந்த அளவு. அந்தக் கணக்கில் நம் வியாபாரிக்கு மூன்று டன் இயந்திரம் வேண்டும். சரக்கு பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குளிர வேண்டும் என்றால், டிஃப்ராஸ்ட் போக அதில் பத்து மணி நேரம்தான் கிடைக்கும் என்பதால், தேவை 15 கிலோவாட்டுக்கு, அதாவது நாலேகால் டன்னுக்கு ஏறிவிடும். அறை அதே இருபதுக்குப் பதினாறுதான்.

இதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். எவாப்பரேட்டர் தேர்வில்தான் கேரட் வாடுவதும் வாடாததும் இருக்கிறது.

அறைக்காற்றுக்கும் காயிலுக்குள் கொதிக்கும் குளிர்பதன வாயுவுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைத் தொழிலில் டி.டி. என்பார்கள். அறை 2 டிகிரி, காயில் மைனஸ் 4 என்றால் டி.டி. ஆறு. ஒரே காயில், டி.டி. அதிகமானால் அதிக வெப்பத்தை இழுக்கும். ஆறில் 10 கிலோவாட் தரும் காயில் எட்டில் 13 கிலோவாட்டுக்கு மேல் தரும். அப்படியானால் சின்னக் காயிலை வாங்கி டி.டி.யைக் கூட்டிக்கொண்டால் பணம் மிச்சமாகுமே என்று தோன்றும். ஆனால் காயில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு ஈரத்தைக் காற்றிலிருந்து பிடுங்கும். டி.டி. நான்கு, ஐந்து, ஆறு என்ற அளவில் இருந்தால் அறையின் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி நிற்கும். பத்தைத் தாண்டினால் எண்பதுக்கு இறங்கும். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? கதவு மூடியிருக்கும்போது வேறு எங்கிருந்தும் அல்ல, கேரட்டிலிருந்துதான். அது எடை குறைந்து, தோல் சுருங்கி, ரப்பர் போல வளையத் தொடங்கும். வியாபாரி எடைக்கு வாங்கியதை எடைக்குத்தான் விற்கிறார் என்பதால் அது நேரடி நஷ்டம்.

ஏமாறும் இடம் விலைப்பட்டியல்தான். காயில் நிறுவனங்கள் பல ஐரோப்பியத் தரமுறைப்படி, அறைக்காற்று பூஜ்யம், காயில் மைனஸ் எட்டு என்ற நிலையில் திறனை அச்சிடுகின்றன. அதாவது டி.டி. எட்டு. "11 கிலோவாட்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, நமக்குத் தேவை 10.4 தானே என்று வாங்கினால், டி.டி. ஆறில் அது எட்டேகால் கிலோவாட்தான் தரும். அதே அறைக்கு, பட்டியலில் 14 கிலோவாட் அளவில் உள்ளதைத் தேட வேண்டும். சிறிய காயிலை மாட்டினால் அறை குளிராமல் போகாது, அதுதான் இதில் உள்ள வஞ்சகம். கம்ப்ரசர் காயிலை இன்னும் கீழே இழுத்து, மைனஸ் ஆறு, ஏழு என்று எங்கோ ஒரு இடத்தில் சமநிலைக்கு வரும். ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் கம்ப்ரசரின் திறன் மூன்று, நான்கு சதவீதம் குறையும், மின்சாரம் ஏறும், பனி கூடும், டிஃப்ராஸ்ட் நாளுக்கு ஐந்து, ஆறு முறையாகும். காயிலுக்கு நேர் எதிரே, காற்று முதலில் படும் க்ரேட்டுகளில் கேரட் உறைந்து கண்ணாடி போலத் தோன்றவும் வாய்ப்புண்டு.

ஒரே பெரிய காயிலைவிட ஏழு கிலோவாட் அளவில் இரண்டு போடுவது நல்லது. ஒன்று டிஃப்ராஸ்ட்டில் இருக்கும்போது மற்றது ஓடும், ஒரு விசிறி எரிந்துபோனாலும் சரக்கு தப்பும். காயிலின் தகடுகளுக்கு இடையே நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஏ.சி.யில் இருப்பதுபோல நெருக்கமாக இருந்தால் மூன்று, நான்கு மணி நேரத்தில் பனி அடைத்துவிடும். தூத்துக்குடியில் மைனஸ் இருபதில் மீன் வைக்கும் அறைகளுக்கு இடைவெளி இன்னும் அகலமாக வேண்டும். அந்த அறைகளில் வேறொரு கட்டுப்பாடும் உண்டு. அவை உறைந்த மீனை வைக்கக் கட்டியவை, உறைய வைக்க அல்ல. பச்சை மீனை நேராக உள்ளே போட்டால், அதில் இருக்கும் தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் மட்டுமே மேலே போட்ட கணக்கு மொத்தத்தையும் குலைத்துவிடும்.

அறை ஓடத் தொடங்கிய பிறகு வியாபாரி தானே சிலவற்றைச் சரிபார்க்கலாம். சரக்கு குளிர்ந்து, வெளியிலிருந்து புதிதாக எதுவும் வராத இரவில் கம்ப்ரசர் அவ்வப்போது நிற்க வேண்டும். விடிய விடிய ஓடினால் எங்கோ கணக்கு தவறியிருக்கிறது, அல்லது கதவின் ரப்பர் கிழிந்திருக்கிறது. மெக்கானிக் கேஜ் மாட்டும்போது, காயிலின் வெப்பநிலை எத்தனை என்று கேட்டு, அறையின் வெப்பநிலையோடு ஒப்பிட்டால் டி.டி. தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் ஆறு என்று எழுதி, கேஜில் பத்து காட்டினால், காயில் சிறியது, அல்லது பனி மூடியிருக்கிறது, அல்லது க்ரேட்டுகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கிக் காற்றின் வழியை அடைத்திருக்கிறார்கள். டிஃப்ராஸ்ட் முடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால், காயிலின் ஒரு மூலையில் மட்டும் பனிக்கட்டி மிஞ்சியிருப்பது தெரியலாம். ஒரு ஹீட்டர் எரியாமல் போயிருக்கும், இல்லையென்றால் வடிகுழாய் உறைந்திருக்கும்.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் காற்றின் ஈரம் கூடி, கழுவிய கேரட்டும் காயாமல் வரும்போது, டிஃப்ராஸ்ட்டை நாளுக்கு நான்காகக் கூட்ட வேண்டியிருக்கும். காற்று காய்ந்திருக்கும் பிப்ரவரியில் இரண்டே போதும். பெரும்பாலான அறைகளில் முதல் நாள் மெக்கானிக் வைத்துவிட்டுப் போன எண்ணே வருடம் முழுவதும் அப்படியே இருக்கிறது.